படத்துல இருக்கிறது 1, நீங்க அடிச்சது l

"ஃப்ரெண்ட் ஒரு பைத்தான் கோடோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். தொடர்ந்து வர்ற மூணு நம்பரோட கூட்டுத்தொகைல எது பெருசுன்னு கண்டுபிடிக்கிற கோட். படத்துல கீழ அவுட்புட் 20-ன்னு இருக்கு. நான் பாத்து அப்படியே டைப் பண்ணி ஓட்டினா 17 வருது. ஒரே கோட் எப்படி ரெண்டு விடை தரும்? யாரோடது சரி, எத மாத்தணும், மாத்தினா என்ன ஆகும்?"

உங்க விடை 17-தான் சரி, அவர் கோட்லதான் தப்பு இருக்கு. ஆனா நீங்க டைப் பண்ணது அவர் கோட் இல்ல. டைப் பண்ணும்போதே உங்களுக்குத் தெரியாம அந்தத் தப்ப திருத்திட்டீங்க, அதனாலதான் தேடி தேடியும் கிடைக்கல. படத்த பெருசாக்கி, நீங்க ஒட்டியிருந்த கோடோட வரிக்கு வரி வச்சுப் பாத்தேன். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். படத்துல இருக்கிறது இதுதான்:

```python
def best_window(vals, k):
    l = 0
    total = 0
    best = 0
    for r in range(len(vals)):
        total += vals[r]
        if r - l + 1 > k:
            total -= vals[1]
            l += 1
        best = max(best, total)
    return best

print(best_window([4, 2, 9, 1, 7, 3], 3))
```

எட்டாவது வரியப் பாருங்க. `vals[1]`, உள்ள இருக்கிறது ஒண்ணுங்கிற நம்பர். நீங்க அங்க `vals[l]`-னு எல் எழுத்த அடிச்சிருக்கீங்க. நிறைய பேரோட ஃபான்ட்ல இது ரெண்டும் ஒட்டிப்பொறந்த மாதிரி இருக்கும், அதுவும் ஃபோன்ல பாத்தா சொல்லவே வேணாம்.

இது நம்பர்தான்னு நான் எப்படி முடிவு பண்ணேன்னு சொல்றேன், ஏன்னா இந்த வேலைல பாதி கஷ்டம் அங்கதான் இருக்கு. பாத்தா ஒண்ணு மாதிரி இருக்குன்னு சொன்னா அது ஆதாரம் ஆகாது. சந்தேகமில்லாத இடத்துல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டாவது வரி `l = 0`, ஒன்பதாவது வரி `l += 1`. இந்த ரெண்டு வரியோட முதல் எழுத்தும் கண்டிப்பா எல்-தான், ஏன்னா அங்க நம்பர் இருந்தா பைத்தான் சின்டாக்ஸ் எரர் குடுத்து நின்னுருக்கும், 20-ன்னு ஒரு விடையே வந்திருக்காது. கடைசி வரில லிஸ்ட்டுக்குள்ள இருக்கிற `1` கண்டிப்பா நம்பர்தான், அங்க எல் இருந்திருந்தா, ஃபங்ஷனுக்கு வெளிய அப்படி ஒரு வேரியபிளே இல்லாததால பைத்தான் நேம் எரர் குடுத்து நின்னுருக்கும், அப்பவும் 20 வந்திருக்காது. ஆக ஒரே படத்துல, ஒரே ஃபான்ட்ல, ஒரே சைஸ்ல எல் எப்படி இருக்கும், ஒண்ணு எப்படி இருக்கும்னு ரெண்டு மாதிரி கைல கிடைச்சாச்சு. இப்ப எட்டாவது வரில இருக்கிறத இந்த ரெண்டு பக்கத்துலயும் வச்சு பாத்தா ஒண்ணோட பொருந்துது. மேல இருக்கிற சின்ன கொக்கி நேரா போகாம கீழ சரியுது, எல்-ல அப்படி இல்ல.

அடுத்தது கலர். எடிட்டர் வேரியபிளுக்கு ஒரு கலர், நம்பருக்கு ஒரு கலர் குடுக்கும், இந்தப் படத்துல வேரியபிள் இளநீலம், நம்பர் இளம்பச்சை. ஏழாவது வரில `r - l + 1`-ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல நிக்குது, எல் நீலம், ஒண்ணு பச்சை. எட்டாவது வரில அடைப்புக்குள்ள இருக்கிறது பச்சை. கலர் எடிட்டரே சொல்ற சாட்சி, அது எழுத்தோட வடிவத்த பாத்து கலர் குடுக்கறதில்ல, அங்க உண்மையா இருக்கிற கேரக்டர படிச்சு குடுக்குது, அதனால நான் வடிவத்த விட கலரத்தான் அதிகமா நம்புவேன். ஆனா ஒண்ணு, மெசேஜ் ஆப் வழியா வந்த படம் பெரும்பாலும் ஜேபெக்கா சுருக்கப்பட்டிருக்கும். ஜேபெக்ல வெளிச்சத்த முழு அளவுல வச்சுட்டு கலர மட்டும் பாதி ரெசொல்யூஷன்ல சேமிக்கிறது வழக்கம், அதனால ஒண்ணு, எல் மாதிரி ஒல்லியான கோடுக்கு பக்கத்துல இருக்கிற எழுத்தோட கலர் வழிஞ்சு ஏறிடும். பச்சையும் நீலமும் வெளிறின கலரா இருந்தா இன்னும் மோசம். இங்க எனக்கு வடிவமும் கலரும் ஒரே பக்கம் சொன்னதால தைரியமா எழுதினேன். ரெண்டும் முரண்பட்டா ஒரிஜினல் படத்த ஃபைலா அனுப்பச் சொல்லி கேக்கறதுதான் வழி. கோட டெக்ஸ்டாவே காப்பி பண்ணி அனுப்பச் சொன்னா இன்னும் நல்லது.

மூணாவது சாட்சி அவுட்புட், இதுலதான் பல பேர் ஏமாறுவாங்க, நானும் முதல்ல இத மட்டும் வச்சு முடிவு பண்ணியிருந்தா தப்பா போயிருப்பேன். குழப்பம் வரக்கூடிய முக்கியமான இடம் ரெண்டு, ஏழாவது வரில `r - l + 1`-ல இருக்கிற நடு எழுத்து, எட்டாவது வரில அடைப்புக்குள்ள இருக்கிறது. ரெண்டுலயும் எல்-னு வச்சு ஓட்டினா 17, அது உங்களுது. எட்டாவதுல மட்டும் நம்பர் வச்சா 20. சரி, படத்துலயும் 20, கண்டுபிடிச்சாச்சுன்னு அங்கயே நிறுத்தக்கூடாது. ஏழாவதுல மட்டும் நம்பர் வச்சு `r - 1 + 1 > k`-னு ஓட்டிப் பாத்தேன், அதுவும் 20! ரெண்டுலயும் நம்பர் வச்சா 22. அதாவது 20-ங்கிற அவுட்புட் ரெண்டு வாய்ப்ப ஒதுக்கிட்டு மிச்சம் ரெண்ட அப்படியே விட்டுடுது. காரணம் என்னன்னா, ஏழாவது வரில நம்பர் இருந்தா அந்தக் கண்டிஷன் வெறும் `r > k`-ன்னு ஆகிடும், அப்ப ஜன்னல், அதாவது ஒரு நேரத்துல கூட்டற தொடர் நம்பர்களோட கூட்டம், மூணு நம்பருக்கு பதிலா நாலு நம்பர் அகலத்துக்கு போயிடும், நாலு நாலா கூட்டினா 16, 19, 20-னு வருது, பெருசு 20. முழுக்க வேற தப்பு, தற்செயலா அதே விடை. அதனாலதான் வடிவமும் கலரும் தேவைப்பட்டுச்சு.

இன்னும் சந்தேகம் இருந்தா உங்க ஃப்ரெண்ட்ட ஒரே ஒரு தடவை லிஸ்ட்ட `[4, 2, 9, 1]`-னு முதல் நாலு நம்பரோட சுருக்கி ஓட்டச் சொல்லுங்க. தப்பு எட்டாவது வரில இருந்தா 15 வரும், ஏழாவது வரில இருந்தா 16 வரும். ரெண்டு சந்தேகத்துக்கும் விடை வேற வேறயா வர்ற இன்புட்ட தேடி ஓட்டினாத்தான் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம் உண்டு.

இப்ப நீங்க ஏன் அதக் கவனிக்கலங்கிறதுக்கு வர்றேன். நீங்க கவனக்குறைவா அடிச்சீங்கன்னு நான் நினைக்கல. கோட் புரிஞ்சவங்க கைதான் இத பண்ணும், ஜன்னலோட இடது ஓரத்துல இருக்கிற நம்பரத்தான் கழிக்கணும்னு உங்க மனசுக்கு தெரியும், கண்ணு அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே விரல் எல் அடிச்சிடும். பத்து வருஷத்துக்கு மேல மத்தவங்க கோட் படிச்சு தப்பு சொல்ற வேலைல இருக்கேன், ஆரம்பத்துல ஒருத்தர் அனுப்பின படத்துல `<=`-னு இருந்தத நான் `<`-னு அடிச்சுட்டு, இங்க எல்லாம் சரியா ஓடுது உங்க மெஷின்லதான் பிரச்சனைனு சொல்லிட்டேன். அவர் ஒரு முழு நாள் பைத்தான அழிச்சு திரும்ப போட்டுட்டு இருந்தார். அவர் கோட்ல இருந்த தப்பு என் கை வழியா காணாம போயிருந்துச்சுன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது, இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமா இருக்கு.

அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான். முதல் தடவை டைப் பண்ணும்போது கோட் என்ன பண்ணுதுன்னு யோசிக்கவே மாட்டேன். அடிச்சு முடிச்சதும் கடைசி வரில இருந்து மேல நோக்கி ஒவ்வொரு வரியா படத்தோட ஒப்பிடுவேன். கீழ இருந்து போனா கதை ஓட்டம் அறுந்துடும், அடுத்து என்ன வரும்னு மனசு முந்திக்கிட்டு சொல்லாது, எழுத்து எழுத்தாதான் தெரியும். பேர்கள விட குறிகள்லதான் அதிக நேரம் நிப்பேன், அதாவது ஒண்ணு, எல், பூஜ்யம், பெரிய ஓ, கமா, புள்ளி, அடைப்புக்குறி. எழுத்துப்பிழையா தெரிஞ்சாலும் படத்துல எப்படியோ அப்படியே அடிப்பேன். கடைசியா ஓட்டிப் பாத்து, படத்துல இருக்கிற அதே தப்பான விடை எனக்கும் வருதான்னு பாப்பேன். இங்க 20 வந்தாத்தான் நான் எடுத்த பிரதி சரி. 17 வந்த உடனேயே உங்களுக்கு மணி அடிச்சிருக்கணும், கோட்ல தேடறதுக்கு முன்னாடி டைப் பண்ணதுல தேடணும்னு. ஃபோன்ல படத்த அழுத்தி டெக்ஸ்ட் எடுக்கற வசதியும் இதே எல், ஒண்ணு விஷயத்துல தடுமாறும், கூடவே வரிக்கு முன்னாடி இருக்கிற இடைவெளிய தின்னுடும், அதனால அத வச்சாலும் ஒப்பிடற வேலை குறையாது.

இடைவெளின்னு சொன்னதால ஒரு விஷயம். பத்தாவது வரி `best = max(best, total)` எந்த மட்டத்துல நிக்குதுன்னு தனியா அளந்து பாத்தேன், `if`-க்கு உள்ளயா வெளியவா. ஏன்னா இது உள்ள இருந்தாலும் இந்த இன்புட்டுக்கு படத்துல அதே 20-தான் வரும், சரிபண்ண கோட்லயும் அதே 17-தான் வரும், அவுட்புட் வாயே திறக்காது. ஆனா உள்ள இருந்தா முதல் ஜன்னல் கணக்குலயே வராது, லிஸ்ட்டோட முதல் மூணும்தான் பெருசுன்னா விடை தப்பாகும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் இருக்கிற ஃபான்ட்ங்கிறதால ஒரு ஸ்கேல திரைல நேரா வச்சா போதும், `best`-ஓட `b` ஏழாவது வரி `if`-ஓட `i`-க்கு நேர் கீழ நிக்குது, அதனால வெளியதான். அந்த இடைவெளி டேபா ஸ்பேஸா அப்படிங்கிறது மட்டும் படத்துல தெரியாது. ரெண்டையும் குழப்பமா கலந்து வச்சிருந்தா பைத்தான் 3 டேப் எரர் காட்டி ஓடவே மறுத்திருக்கும், இது ஓடி விடை குடுத்திருக்கு, அதனால நாலு ஸ்பேஸ்னு எடுத்துக்கிட்டதால விடை மாறாது.

இப்ப தப்பு உள்ள என்ன பண்ணுதுன்னு பாப்போம். இந்தக் கோடோட யோசனை ரொம்ப எளிமை, வலது பக்கம் ஒரு நம்பர் உள்ள வரும்போது கூட்டறது, மூணுக்கு மேல போனா இடது பக்கம் வெளிய போற நம்பர கழிக்கறது, இடது ஓரத்த ஒரு படி நகத்தறது. `vals[1]`-னு எழுதினா யாரு வெளிய போனாலும் சரி, எப்பவும் லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கிற நம்பரையே, அதாவது இங்க 2-ஐ கழிச்சுட்டு இருக்கும். முதல் மூணு நம்பர் வரைக்கும் கழிக்கிற வேலையே இல்ல, 15 சரியா வருது. நாலாவது நம்பர் 1 உள்ள வருது, 16 ஆகுது, வெளிய போக வேண்டியது 4, ஆனா போனது 2, 12-க்கு பதில் 14. அடுத்து 7 வருது, 21, இப்ப வெளிய போக வேண்டியது உண்மையிலேயே 2-தான், தப்பான வரி தற்செயலா சரியா கழிக்குது, ஆனாலும் 17-க்கு பதில் 19-தான் வருது, ஏன்னா முந்தின படில தங்கிப்போன 2 இன்னும் உள்ளயே இருக்கு. கடைசியா 3 வருது, 22, போக வேண்டியது 9, போனது 2, 11 வர வேண்டிய இடத்துல 20. பெரிய நம்பரான 9 ஜன்னல விட்டு வெளிய போயும் கூட்டுத்தொகைல உக்காந்துட்டு இருக்கு. படத்துல இருந்த 20 இப்படித்தான் வந்துச்சு. எந்த மூணு நம்பரையும் பக்கத்து பக்கத்துல கூட்டினா வராத ஒரு தொகை அது.

திருத்தம் ஒரு எழுத்துதான், ஆனா நான் அந்தப் பேரையே மாத்திடுவேன்:

```python
        if r - left + 1 > k:
            total -= vals[left]
            left += 1
```

மேல `l = 0`-வும் `left = 0` ஆகணும். பைத்தானோட அதிகாரபூர்வ எழுத்து நடை வழிகாட்டியான பெப் 8-லயே சின்ன எல், பெரிய ஓ, பெரிய ஐ மூணையும் ஒற்றை எழுத்து வேரியபிள் பேரா வைக்காதீங்கன்னு எழுதியிருக்கு, `flake8` ஓட்டினா இந்த `l`-க்கு `E741`-னு எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை பேர பத்திதான், `vals[1]` தப்புன்னு அதுக்கு தெரியாது, ஏன்னா `vals[1]` இலக்கணப்படி சுத்தமான பைத்தான்.

இந்தத் திருத்தம் மாத்தறது ஒண்ணே ஒண்ணுதான், கழிக்கப்படுற நம்பர் இனி உண்மையா வெளிய போற நம்பரா இருக்கும், அதனால `total` எப்பவும் ஜன்னலுக்குள்ள இருக்கிறதோட கூட்டா மட்டும் நிக்கும். ஜன்னலோட அகலம் முன்னாடியே சரியாத்தான் இருந்துச்சு, இடது ஓரம் சரியாத்தான் நகந்துச்சு, அது மாறல. வேகமும் மாறல, ஒவ்வொரு நம்பரும் ஒரு தடவை உள்ள வந்து அதிகபட்சம் ஒரு தடவை வெளிய போகுது. சரிபாக்கணும்னா மெதுவான ஆனா தப்பு பண்ண இடமில்லாத ஒரு வரிய பக்கத்துல வச்சு ஓட்டிப் பாருங்க:

```python
max(sum(vals[i:i+k]) for i in range(len(vals)-k+1))
```

நம்ம லிஸ்ட்டுக்கு இதுவும் 17 குடுக்கும். வேற வேற லிஸ்ட் போட்டு ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, எல்லாம் ஒரே நம்பரா இருக்கிற லிஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க, `[5, 5, 5, 5]` போட்டா பழைய தப்பான கோடும் 15-னு சரியாவே சொல்லும், எந்த 5-ஐ கழிச்சா என்ன.

இது வரைக்கும் சொன்னது உறுதி. இன்னொண்ணு இருக்கு, அது தப்பா இல்லையாங்கிறது அவர் என்ன டேட்டா போடப்போறார்ங்கிறத பொறுத்தது. நாலாவது வரில `best = 0`-ன்னு ஆரம்பிக்குது. எல்லாமே மைனஸ் நம்பரா இருந்தா, உதாரணத்துக்கு `[-5, -2, -9]`, `k` 2-ன்னா, சரியான விடை -7, இந்தக் கோட் 0-ன்னு சொல்லும். மார்க், விற்பனை எண்ணிக்கை மாதிரி மைனஸே வராத டேட்டான்னா இதத் தொட வேண்டியதில்ல. மைனஸ் வரும்னா, பூஜ்யத்துக்கு பதிலா `float('-inf')` போட்டா போதும்னு உடனே தோணும், போதாது. அப்படி போட்டா இந்த லிஸ்ட்டுக்கு -5 வரும், ஏன்னா ஜன்னல் நிறையறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு நம்பர் உள்ள இருக்கும்போதே `best` அத எடுத்துக்குது. `r - left + 1 == k`-ன்னு இருக்கும்போது மட்டும் `best`-ஐ பாக்கற மாதிரி ஒரு கண்டிஷனும் சேத்துதான் மாத்தணும். மைனஸ் வருமான்னு ஃப்ரெண்ட்ட கேட்டுட்டு செய்யுங்க, முதல்ல எட்டாவது வரிய மட்டும் மாத்தி 17 வருதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் தனியா இத மாத்தி ஓட்டுங்க.